பாஞ்சாலை கட்டிய தீர்வை

பாஞ்சாலையைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் என்னைப் பற்றித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அது எனக்கே எரிச்சல். நான் தலையாரி. சம்பளப் பட்டியலில் கிராம உதவியாளர் என்று போட்டிருக்கும். வி.ஏ.ஓ. மாறிக்கொண்டே இருப்பார், நான் மட்டும் மாறமாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் பதினோரு வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிட்டேன். டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது, நோட்டீசைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, திட்டு வாங்குவது, இதெல்லாம் என் வேலை. அதிகமாகத் திட்டியது பாஞ்சாலைதான்.

அவள் எங்கள் கிராமத்தைச் சேர்ந்த நடுமேட்டுக்குப்பத்தில் கருவாடு போடுகிறவள். பிறந்தது கூனிமேட்டுக்குப் பக்கத்தில். மாயவன் என்று ஓர் ஆளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் சென்னைக்கு போட்டில் வேலைக்குப் போகிறேன் என்று போனான். போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பாஞ்சாலை அழுததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் கரைக்கு வரும் மீனில் விற்காமல் நிற்பதை வாங்குவாள். உப்பளத்துக்குப் போய், அங்கே வேலை செய்யும் என் மனைவி லூர்துமேரியிடம் சண்டை போட்டு நல்ல உப்பாக அள்ளிக்கொண்டு வருவாள். நெத்திலி, சூடை, வாளை எல்லாம் உப்புப் போட்டுக் காயவைத்து, கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் கூடையோடு பஸ் ஏறுவாள். அதிலேயே மகள் பூங்குழலியைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள்.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம், பாஞ்சாலை மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் வாங்கிக் கடற்கரையில் இரண்டு சென்டுக்கு ஒரு தளம் போட்டாள். மணலில் காயவைத்தால் கருவாட்டில் மண் ஒட்டுகிறது, விலை குறைகிறது என்று காரணம். தளத்தின் மூலையில் உப்புப் போட ஒரு தொட்டி. மேற்கே தட்சணாமூர்த்தியின் சவுக்குத் தோப்பு, முள்வேலி. கிழக்கே பத்து எட்டு வைத்தால் கடல். வேலிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தக் குறுகலான துண்டு கடற்கரைப் புறம்போக்கு. சர்க்கார் நிலம்.

சர்க்கார் நிலத்தில் யாராவது எதையாவது கட்டினால் வி.ஏ.ஓ. வருஷத்துக்கு ஒருமுறை பி மெமோ எழுதவேண்டும். இன்னார், இத்தனை சென்டு, இன்ன இடத்தில் ஆக்கிரமித்திருக்கிறார் என்று. தாசில்தார் அதற்கு ஓர் அபராதம் போடுவார். கட்டினால் ரசீது வரும். அவ்வளவுதான், அந்த ரசீதுக்கு வேறு ஒரு மதிப்பும் கிடையாது. நீ இருக்கும் இடம் உன்னுடையது இல்லை என்று நீயே ஒத்துக்கொண்டு கட்டும் காசு அது.

முதல் வருஷம் நான் மெமோவைக் கொண்டுபோனபோது அவள் வாளை மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். கத்தியோடு எழுந்து நின்றாள்.

"எதுக்குடா நான் சர்க்காருக்குக் கட்டணும்? கடல் ஓரத்துக்கு யாருடா வரி போட்டது? உங்க வி.ஏ.ஓ.வை வரச் சொல்லு, அவன் தலையில இந்த உப்பைக் கொட்டுறேன்!"

எனக்கு அன்றைக்கு இன்னும் எட்டு வீடு போகவேண்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

"யக்கா, கட்டினா உன் பேர்ல ரசீது வரும் இல்ல."

கத்தி கீழே போனது. "என் பேர்லயா?"

"உன் பேர்லதான். பாஞ்சாலைன்னு போட்டு."

அப்போதே உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்துவிட்டாள். அவள் பேரில் அதுவரை அரசாங்கத்தில் இருந்து வந்த காகிதம் ரேஷன் கார்டு ஒன்றுதான். அதிலும் மாயவன் பெயருக்குக் கீழேதான் அவள் இருந்தாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவளே கேட்பாள், "என்னடா, தீர்வைச் சீட்டு இன்னும் வரலையா?" என்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது, சீட்டை நான்தான் படித்துக் காட்டுவேன். தீர்வை என்பது சொந்த நிலம் வைத்திருப்பவன் கட்டுவது. நான் திருத்தவில்லை. மற்ற வீடுகளில் நாயை அவிழ்த்து விடுவார்கள், இவள் மோர் கொடுப்பாள். எவன் திருத்துவான்? ஒவ்வொரு ரசீதையும் மரக்காணத்தில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்தாள். பதினெட்டு வருஷம், பதினெட்டு ரசீது. குப்பத்தில் யாராவது அவளிடம் வம்புக்கு வந்தால், "நான் தீர்வை கட்டுறவ, தெரியுமா?" என்பாள். கேட்கும்போதெல்லாம் நான் பைக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

இதற்கு நடுவில் வடக்குக் குப்பத்தில் தூண்டில் வளைவு போட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டுவது. எங்கள் பக்கம் கடலோட்டம் வருஷத்தில் பாதிக்கு மேல் தெற்கேயிருந்து வடக்கே போகும். மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கல் குறுக்கே நின்றதும் மணல் அதற்குத் தெற்கே தங்கிவிட்டது. அதற்கு வடக்கே இருந்தவர்களுக்கு மணல் வரத்து நின்று, வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் சரிந்தன. எங்களுக்கு வருஷத்துக்கு இருபத்தைந்து அடி என்று கரை கிழக்கே வளர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் பாஞ்சாலையின் தளத்திலிருந்து தண்ணீர் எண்பது மீட்டர் தள்ளி இருந்தது. படகுகளை அங்கே ஏற்றி வைத்தார்கள், வலையை அங்கே விரித்துப் பழுது பார்த்தார்கள், பிள்ளைகள் பந்து ஆடினார்கள்.

கவனித்த ஆள் தட்சணாமூர்த்திதான். கிளியனூரில் வீடு, இங்கே தோப்பு. அவருடைய தோப்பை ரிசார்ட் கட்ட ஒரு கம்பெனி கேட்டது. கடலை ஒட்டி இருந்தால் ஒரு விலை, கடலுக்கும் தோப்புக்கும் நடுவில் ஊர் மைதானம் இருந்தால் வேறு விலை. அவர் தாசில்தாருக்கு மனுப் போட்டார். தன் நிலத்தை ஒட்டி இயற்கையாகச் சேர்ந்த மணலைத் தன் பட்டாவில் சேர்க்கவேண்டும் என்று.

குப்பத்துப் பஞ்சாயத்தார் கொதித்துப் போனார்கள். ஆனால் தட்சணாமூர்த்தியின் வக்கீல் கெட்டிக்காரர். சர்வேயர் ஜெயப்பிரகாஷ் எனக்கு அதை விளக்கினார். டீக்கடை பெஞ்சில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"அண்ணே, மண்ணு மெதுவா வந்து சேர்ந்தா, எந்த நிலத்துல ஒட்டிச் சேருதோ அந்த நிலத்துக்காரருக்குத்தான். அது ஒரு நியாயம். வரைபடத்துல இவரு பட்டாவுக்கும் கடலுக்கும் நடுவுல புறம்போக்குத் துண்டு இருக்குது. அது இருந்தா மண்ணு அதுலதான் ஒட்டுச்சு, அப்ப சர்க்காருக்கு. ஆனா இவரு என்ன சொல்றாரு? தானே புயல்ல அந்தத் துண்டைக் கடல் மொத்தமா தின்னுடுச்சு, தண்ணி என் வேலிக்கே வந்து நின்னுடுச்சு, அப்புறம் சேர்ந்த மண்ணு எல்லாம் என் வேலியில ஒட்டினதுங்கறாரு."

"பொய்யி. ரெண்டு நாள் தண்ணி ஏறுச்சு, எறங்கிடுச்சு. பிப்ரவரி மாசம் நானே அங்க டேப் புடிச்சேன்."

"வாயால சொன்னா எப்படிண்ணே? பேப்பர் இருக்கா? அந்த வருஷத்துப் பழைய கணக்கெல்லாம் வைக்கிற காலம் முடிஞ்சு அழிச்சாச்சு. கூகுள்ல படம் பார்த்தேன். வெள்ளையா ஒரு கோடு தெரியுது. மணலா, அலை நுரையான்னு சத்தியமா தெரியலை."

எனக்கு அந்த நிமிஷமே பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் கடைசி. சர்க்கார் வருவாய்க் கணக்கில் அந்த வருஷம் பசலி 1421. அந்த வருஷ மெமோவுக்கு நாங்கள் அளக்கப் போனது புயலுக்கு அப்புறம், பிப்ரவரியில். அபராத ரசீதோடு மெமோ நகலையும் சேர்த்துத்தான் அவள் லேமினேஷன் போட்டிருந்தாள். அதில் தேதி இருக்கும், இரண்டு சென்டு என்று இருக்கும், வேலியிலிருந்து இத்தனை அடி என்று இருக்கும், மேற்கே பட்டா நிலம், கிழக்கே கடற்கரை என்று இருக்கும். அந்தத் துண்டைக் கடல் தின்னவில்லை என்பதற்கு அந்தச் சீட்டை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

தட்சணாமூர்த்திக்கு அந்த டின்னைப் பற்றித் தெரியாது. ஆனால் புயல் சமயத்தில் கரையில் இருந்தவள் பாஞ்சாலை என்று தெரியும். அவளுக்கு ஆள் அனுப்பினார். தண்ணீர் வேலி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது, தளம் மாசக்கணக்கில் கடலுக்குள் கிடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பட்டா வந்த கையோடு ஐந்து சென்டு அவள் பேரில் ரிஜிஸ்தர் செய்து தருவதாக. பத்திரம் முதலிலேயே டைப் அடித்துக் காட்டினார்கள். பூங்குழலி போனில் அழுதாளாம்: "அம்மா, வாங்கிக்கோம்மா. நமக்குன்னு ஒரு இடம் வேணாமா?"

பாஞ்சாலை என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

"என் நெலத்துலயே எனக்கு அஞ்சு சென்டு தர்றானாம்! நான் தீர்வை கட்டுற எடம். நாளைக்கு விசாரணைக்குத் தாசில்தார் அம்மா வர்றாங்க இல்ல, மொத்தச் சீட்டையும் அவங்க மூஞ்சிக்கு நேரா வைக்கிறேன். தளம் என்னுதுன்னு எழுதி வாங்குறேன்."

விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் அது. அவள் நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சீட்டைக் கொடுத்தால் ஊருக்கு நல்லது, அவள் தெரியாமலேயே கொடுத்திருப்பாள். போகவும் கிளம்பினேன். பைக்கை உதைத்துவிட்டு அணைத்தேன். பதினெட்டு வருஷம் அவள் கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"யக்கா, அது தீர்வை இல்ல."

"என்னது?"

"அது அபராதம். நீ சர்க்கார் எடத்தை ஆக்கிரமிச்சதுக்கு. அந்தச் சீட்டைக் குடுத்தா தட்சணாமூர்த்திக்கு எடம் போகாது. ஆனா உனக்கும் வராது. நீயே சர்க்கார் எடம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தளத்தை எடுன்னு ஆர்டர் வந்தாலும் வரும்."

அவள் புரட்டுவதை நிறுத்தினாள். "படிச்சுக் காட்டுனியே?"

"எவ்ளோ கட்டணும்னு மட்டும்தான் படிச்சேன்."

அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. என் அப்பா, என் தாத்தா, என் உத்தியோகம், என் கோயில், எதையும் விடவில்லை. "சோறுதான தின்ற? உப்புப் போட்டுத்தான தின்ற?" என்று கேட்டாள். கையில் இருந்த நெத்திலியை என் மேல் வீசினாள். நான் நின்றேன். நான் வாங்கவேண்டியதுதான் அது. வீசி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"எதையும் குடுக்காம இருந்தா?" என்றாள்.

"அவருக்குப் போயிடும். உனக்கு அஞ்சு சென்டு எழுதுவாரு. எழுதிடுவாருன்னுதான் நெனைக்கிறேன். மீதிக்கு வேலி போட்டுடுவாங்க."

அவள் எழுந்து மீதி நெத்திலியைப் புரட்டப் போனாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். லூர்துமேரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா வேணும் உனக்கு" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தாசில்தார் வினோதினி ஜீப்பில் வந்து இறங்கினார். தட்சணாமூர்த்தியும் வக்கீலும் ஒரு பக்கம், பஞ்சாயத்தார் ஒரு பக்கம். ஜெயப்பிரகாஷ் வரைபடத்தைப் படகு மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். வக்கீல் நன்றாகப் பேசினார். பஞ்சாயத்தார் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தாசில்தார் கேட்டது ஒரே கேள்விதான்.

"புயலுக்கு அப்புறம் இந்தத் துண்டு நிலம் தண்ணிக்கு மேல இருந்துச்சா, இல்லையா? யார்கிட்டயாவது எழுத்துல ஏதாவது இருக்கா?"

தட்சணாமூர்த்தி பாஞ்சாலையைப் பார்த்தார். அவருடைய ஆள் டைப் அடித்த வாக்குமூலத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினான். அவள் பேனாவை வாங்கவில்லை. புடவைத் தலைப்பில் மூடி வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டேன்.

"அம்மா, தானே அடிச்ச அன்னிக்குத் தண்ணி என் தொட்டிக்குள்ள பூந்துச்சு. மூணாம் நாள் எறங்கிடுச்சு. நான்தான் சேறு அள்ளினேன். நாலு நாள் அள்ளினேன். அந்த வருஷம் இந்தத் தலையாரிப் பையன் வந்து அளந்துட்டுப் போயி சீட்டுக் குடுத்தான். இதோ."

தட்சணாமூர்த்தி அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஏம்மா, உனக்கும் இல்லாமப் போயிடும். புரிஞ்சுதான் பேசுறியா?" என்றார்.

"புரிஞ்சுதான் சாமி பேசுறேன். கடல் தின்னுடுச்சுன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்ப அங்க உக்காந்து மீன் காயப்போட்டவ யாரு? நான் அங்க இல்லவே இல்லன்னு என் கையாலயே எழுதணுமா?"

தாசில்தார் லேமினேஷன் சீட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். ஜெயப்பிரகாஷ் மெமோவில் இருந்த அளவை வைத்து வேலியிலிருந்து டேப் போட்டார். மறுமுனையை நான் பிடித்தேன். தளத்தின் மேற்கு விளிம்பில் அளவு ஓர் அங்குலம் கூடக் குறையாமல் வந்து உட்கார்ந்தது. வக்கீல் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஒன்றரை மாசத்தில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. புறம்போக்குத் துண்டு தொடர்ந்து இருந்திருக்கிறது, மணல் அதில் ஒட்டித்தான் சேர்ந்திருக்கிறது, ஆகவே புதிதாக வந்ததும் சர்க்காருக்கே சொந்தம்; படகு நிறுத்தவும் வலை, மீன் உலர்த்தவும் மீனவர்கள் பொதுவில் புழங்கி வருவதற்குத் தடை செய்யக்கூடாது; அதில் உள்ள நிரந்தரக் கட்டுமானம் அகற்றப்பட வேண்டும். தட்சணாமூர்த்தி திண்டிவனத்தில் அப்பீல் போட்டிருக்கிறார். சிவில் கோர்ட்டுக்கும் போவாராம். போகட்டும், அந்தச் சீட்டின் நகல் இப்போது ஃபைலில் இருக்கிறது.

நிரந்தரக் கட்டுமானம் என்று அந்தக் கரையில் இருந்தது ஒன்றே ஒன்று, பாஞ்சாலையின் தளம். இடிக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பாஞ்சாலை வேண்டாம் என்றுவிட்டு, கடப்பாரை வாங்கி வந்து அவளே தொடங்கினாள். இரண்டாம் நாள் குப்பத்து ஆம்பிளைகள் நாலு பேர் வெட்கப்பட்டுப் போய்க் கை கொடுத்தார்கள். நானும் போனேன். என்னிடம் அவள் பேசவில்லை. ஆனால் கடப்பாரையைக் கேட்டபோது கொடுத்தாள். உடைந்த சிமெண்ட் கட்டிகளைப் படகுக்கு அடியில் முட்டுக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த வருஷம் ஜமாபந்தி என்கிற கணக்குத் தணிக்கைக்கு முன்னால், வழக்கம்போல மெமோக்களைக் கொடுத்துக்கொண்டு குப்பத்துப் பக்கம் போனேன். அவள் பழைய வலையை மணலில் விரித்து, மற்றப் பெண்களுக்கு நடுவில் சூடை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், பைக்கை நிறுத்திவிட்டேன்.

"எனக்குச் சீட்டு இல்லையா?" என்றாள். பேச்சை விட்ட பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை.

"தளம் இல்லியேக்கா. எதுக்குப் போடுவாங்க?"

"பதினெட்டு வருஷமா வந்துச்சு."

பையில் உத்தரவின் நகல் ஒன்று இருந்தது, பஞ்சாயத்தாருக்குக் கொடுக்க எடுத்து வந்தது. அதை எடுத்துக் காட்டினேன். "இதுல உன் பேரு இருக்குது."

"படி. இந்தத் தடவை முழுசாப் படி."

வெயிலில் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தேன், ஒரு வரி விடவில்லை. நிலம் அழியாமல் இருந்தது திருமதி பாஞ்சாலை தாக்கல் செய்த பசலி 1421 ரசீதால் நிரூபணமாகிறது என்று ஓர் இடத்தில். ஆக்கிரமிப்பாளர் திருமதி பாஞ்சாலையின் கட்டுமானம் அகற்றப்பட வேண்டும் என்று இன்னோர் இடத்தில்.

"ரெண்டு தடவை வருதா?"

"ரெண்டு தடவை."

"ரெண்டும் நான்தானா?"

"நீதாங்க்கா."

அவள் காகிதத்தை வாங்கி, பெயர் இருந்த இரண்டு இடத்தையும் காட்டச் சொல்லி விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஞ்சாயத்தாருக்கு வேறு நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"தள்ளி நில்லுடா," என்றாள். "மீன் மேல உன் நெழல் விழுது."